‘இடது பக்கம் உள்ள பச்சைப் பொத்தான்’ என்று எழுதாமல் வழிகாட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூக மன்றங்களிலும் வட்டாரக் குழுக்களிலும் தமிழில் வழிகாட்டுக் குறிப்பு எழுதும் தொண்டூழியர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையப் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்லி வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் குறிப்பை யார் எந்தத் திரையில் திறப்பார்கள் என்பது நமக்குத் தெரியாது. அந்த நிலையில் எப்படி எழுதுவது என்பது மட்டுமே இங்கே பேச்சு.

பச்சைப் பொத்தான் இடது பக்கம்தானே இருக்கிறது? கண்ணால் பார்த்துத்தான் எழுதினேன். அதில் என்ன தவறு?

உங்கள் திரையில் அது உண்மை. படிப்பவர் திரையிலும் உண்மையாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அவ்வளவுதான் சிக்கல்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். இன்றைய இணையப் பக்கங்கள் பெரும்பாலும் திரையின் அகலத்துக்கு ஏற்பத் தம்மை மாற்றி அடுக்கிக்கொள்ளும்படி எழுதப்படுகின்றன. மடிக்கணினியில் அருகருகே நிற்கும் இரண்டு பத்திகள் கைப்பேசியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துவிடும். அங்கே இடதும் இல்லை, வலதும் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதேதான் நடக்கும். 1280 புள்ளி அகலமுள்ள கணினித் திரையில் ஒரு பக்கத்தை 400 விழுக்காடு பெரிதாக்கினால், அந்தப் பக்கத்துக்குக் கிடைப்பது 320 புள்ளி அகலம்தான். அதாவது கணினியில் பார்த்தாலும் சிறிய கைப்பேசியின் அமைப்புதான் தெரியும். நம் மூத்தோரில் பலர் எழுத்தைப் பெரிதாக்கித்தான் வைத்திருக்கிறார்கள்.

இயங்குதளமும் இடத்தை மாற்றும். விண்டோஸ் கேட்கும் சிறு கேள்விப் பெட்டிகளில் ‘OK’ இடப்பக்கமும் ‘Cancel’ அதற்கு வலப்பக்கமும் இருக்கும். மேக் கணினியில் ‘OK’ வலக்கோடியில் இருக்கும். 2021இல் வந்த ஐஓஎஸ் 15இல் சஃபாரியின் முகவரிப் பட்டை திரையின் அடிப்பகுதிக்கு இறங்கியது. வேண்டியவர்கள் அதை மறுபடி மேலே வைத்துக்கொள்ளலாம். ஆக, ‘மேலே உள்ள முகவரிப் பட்டை’ என்ற சாதாரண வரிகூட ஒருவருக்குச் சரியாகவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தவறாகவும் இருக்கும்.

நிறமும் அப்படித்தான். இருள் பின்னணியை இயக்கியிருந்தால் பல செயலிகளில் நிறங்கள் மாறும். விண்டோஸில் உயர் மாறுபாட்டு நிறங்களைத் தேர்ந்தெடுத்தவருக்கு, தளத்தின் சொந்த நிறங்கள் போய் அவர் தேர்ந்தெடுத்த சில நிறங்களே தெரியும். திரை சரியாகக் காட்டினாலும் கண் வேறாகப் பார்க்கலாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத குறை பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம் அதிகம். கண்புரை வளரும்போது விழிவில்லை மஞ்சளடித்து, நீலம் மங்கலாகத் தெரியும். திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவருக்கோ நிறம் காதில் விழவே விழாது. “Submit, button” என்றுதான் அவருடைய கைப்பேசி சொல்லும்.

அப்படியென்றால் ஒரு பொத்தானை எப்படித்தான் அடையாளம் சொல்வது?

அதன் மேல் எழுதியிருப்பதைச் சொல்லுங்கள். எழுத்து மாறாமல், அப்படியே. திரை பெரிதானாலும் சிறிதானாலும் கறுப்பு வெள்ளையானாலும் பொத்தானின் பெயர் கூடவே வரும். திரைவாசிப்பான் வாசிப்பதும் அந்தப் பெயரைத்தான்.

பெருவிரைவு ரயில் நிலையத்தில் ஒருவரைச் சந்திக்க நாம் ‘வலப்பக்க வாசல்’ என்று சொல்வதில்லை. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாரோ, யார் கண்டது? ‘C வாசல்’ என்று பலகையில் உள்ளதைச் சொல்கிறோம். இங்கேயும் அதே வழக்கம்தான்.

பெயரோடு இன்னும் இரண்டைச் சேர்த்தால் குறிப்பு உறுதியாகிவிடும். ஒன்று, அது எந்தத் தலைப்பைச் சேர்ந்தது என்பது. மற்றது, அழுத்தியபின் என்ன நடக்கும் என்பது. இந்த இரண்டாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் மிக முக்கியம். தவறான பொத்தானை அழுத்தியவருக்குத் தான் தவறிவிட்டோம் என்று தெரிவதே அந்த வரியால்தான். “அழுத்தியதும் ‘Your details’ என்ற தலைப்போடு புதிய பக்கம் வரும்” என்று எழுதியிருந்தால், வேறு பக்கம் வந்ததும் நின்றுவிடுவார். எழுதாவிட்டால் தவறான படிவத்தைக் கடைசிவரை நிரப்பிக்கொண்டே போவார்.

அது என்ன பொருள் என்பதையும் சொல்லிவிடுங்கள்: பொத்தானா, எழுதும் கட்டமா, இணைப்பா. திரைவாசிப்பானில் பொத்தான்களுக்கு மட்டும் தாவலாம், தலைப்புகளுக்கு மட்டும் தாவலாம். வகை தெரிந்தால் அவர் நேராக அங்கே போய்விடுவார்.

எங்கள் வட்டார ஒருநாள் சுற்றுலாவுக்காக ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். அதைத் திருத்திக் காட்ட முடியுமா?

பலருடைய குறிப்பும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

> இணைப்பைத் திறந்ததும் இடது பக்கம் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்தவும். வலது பக்கம் வரும் கட்டங்களை நிரப்பவும். சிவப்பில் உள்ளவை கட்டாயம். முடிந்ததும் மூலையில் உள்ள நீலப் பொத்தானை அழுத்தவும். மேலே பச்சையில் செய்தி வந்தால் பதிவு முடிந்தது.

ஐந்து வாக்கியங்கள், ஐந்தும் எழுதியவரின் திரையை மட்டும் நம்பி நிற்கின்றன. அந்தப் பக்கம் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. மலாக்கா, ஜொகூர் பாரு, குக்குப் என்று மூன்று சுற்றுலாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ‘Register’ பொத்தான். நாம் ஆள் சேர்ப்பது மலாக்காவுக்கு.

கணினியில் மலாக்கா இடக்கோடியில் நிற்கிறது, அதனால் ‘இடது பக்கம்’. கைப்பேசியில் மூன்றும் ஒரே வரிசையில் இறங்கிவிடும். மூன்று பொத்தான்களும் பச்சை. இடதும் பச்சையும் மூன்றில் எதையும் குறிக்கவில்லை. எனவே தலைப்பிலிருந்து தொடங்குகிறோம்: “‘Malacca Day Trip’ என்ற தலைப்பைத் தேடுங்கள்.”

அடுத்து, ‘வலது பக்கம் வரும் கட்டங்கள்’. கைப்பேசியில் படிவம் வலப்பக்கம் வராது. அதே இடத்தில் புதிய பக்கமாகத் திறக்கும். ஆகவே படிவத்தின் தலைப்பைச் சொல்கிறோம். ‘சிவப்பில் உள்ளவை கட்டாயம்’ என்பதற்குப் பதிலாக எவை கட்டாயம் என்று பெயர் சொல்லி எழுதிவிடலாம், நான்குதானே இருக்கின்றன. கடைசிப் பொத்தானில் ‘Submit’ என்று எழுதியிருக்கிறது, அது போதும். வெற்றிச் செய்தி என்ன நிறத்தில் வருகிறது என்பதைவிட அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதே ஆளுக்கு வேண்டியது.

திருத்திய குறிப்பு:

> இணைப்பைத் திறங்கள். மூன்று சுற்றுலாக்கள் இருக்கும். ‘Malacca Day Trip’ என்ற தலைப்பைத் தேடுங்கள். அந்தத் தலைப்பில் தேதி, கட்டணம் முடிந்ததும் ‘Register’ என்ற பொத்தான் வரும். அதை அழுத்துங்கள்.
>
> இப்போது ‘Your details: Malacca Day Trip’ என்ற தலைப்புடன் படிவம் திறக்கும். வேறு ஊரின் பெயர் இருந்தால் ‘Back’ பொத்தானை அழுத்தித் திரும்புங்கள்.
>
> Name, Mobile number, Date of birth, Meal ஆகிய நான்கையும் கட்டாயம் நிரப்ப வேண்டும். Remarks என்ற கட்டத்தை வெறுமையாக விடலாம். மரக்கறி உணவு வேண்டுவோர் Meal என்பதில் ‘Vegetarian’ என்று தேர்ந்தெடுங்கள்.
>
> கடைசியாக ‘Submit’ பொத்தானை அழுத்துங்கள். ‘Registration received’ என்ற செய்தியும் ஓர் எண்ணும் வந்தால் பதிவு முடிந்தது. அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னதைவிட நீளம்தான். ஆனால் இதைப் பேருந்தில் நின்றபடி கைப்பேசியில் படிப்பவரும் கணினியில் படிப்பவரும் காதால் கேட்பவரும் ஒரே குறிப்பை வைத்துக்கொண்டே பதிவை முடித்துவிடலாம். நீளத்துக்காக இதைச் சுருக்க வேண்டாம் என்பேன்.

மூன்று ‘Register’ பொத்தான்களில் ‘முதலாவது’, ‘இரண்டாவது’ என்று எண்ணிச் சொல்லக் கூடாதா?

எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும். ஒரு சுற்றுலாவுக்கு இடம் நிரம்பியதும் அதன் பொத்தானை எடுத்துவிட்டு ‘Fully booked’ என்று போட்டுவிடுவார்கள். நேற்று இரண்டாவதாக இருந்தது இன்று முதலாவது. தலைப்போடு சேர்த்துச் சொல்வதுதான் பாதுகாப்பு.

பக்கத்தை உருவாக்குபவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால், சிக்கலை வேரிலேயே தீர்க்கச் சொல்லுங்கள். திரைவாசிப்பானில் பொத்தான்களை மட்டும் வரிசையாகக் கேட்பவருக்கு “Register, Register, Register” என்று மூன்று முறை கேட்கும். எது எந்த ஊருக்கு என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பொத்தானிலேயே ஊரை எழுதிவிட்டால் எல்லார்க்கும் எளிது:

```html
<button>Register for Malacca Day Trip</button>
```

‘கீழே’, ‘மேலே’ என்ற சொற்களையும் விட்டுவிட வேண்டுமா? அவை இல்லாமல் தமிழில் எழுதவே முடியாதே.

விட வேண்டாம், ஆனால் எந்தக் ‘கீழே’ என்று பார்த்துப் பயன்படுத்துங்கள்.

‘கீழே உள்ள கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்’ என்றால், இனி வரப்போகும் கேள்விகள் என்றுதான் எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள். ‘மேற்கண்ட விவரங்கள்’ என்றால் இதுவரை படித்தவை. இது வாசிப்பு வரிசை. திரை எப்படி மடங்கினாலும், காதால் கேட்டாலும், முன்னால் வந்தது முன்னாலும் பின்னால் வருவது பின்னாலும்தான் இருக்கும். சொல்லும் பொருளும் நிஜமாகவே அந்த வரிசையில் இருந்தால் சிக்கல் இல்லை.

‘திரையின் கீழே உள்ள பட்டை’, ‘மேல் மூலையில் உள்ள பொத்தான்’ என்பவை கண்ணாடியின் மேல் ஓர் இடம். அது சாதனத்துக்குச் சாதனம் மாறும். சந்தேகமாக இருந்தால் ‘அடுத்து’, ‘அதன்பின்’, ‘அதற்கு முன்பாக’ என்று மாற்றி எழுதிப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் அது வரிசையைக் குறிக்கும் ‘கீழே’. அப்படியே விட்டுவிடலாம்.

இன்னொன்று: குறிப்பு வாட்ஸ்அப்பிலும் படிவம் வேறு பக்கத்திலும் இருக்கும்போது, ‘கீழே உள்ள பொத்தான்’ என்று எழுதினால் குறிப்புக்குக் கீழே தேடுவார்கள். அங்கே பொத்தான் எதுவும் இருக்காது.

எழுத்தே இல்லாத குறிகளை என்ன செய்வது? மூன்று புள்ளி, மூன்று கோடு, பல் சக்கரம் எல்லாம் இருக்கின்றனவே.

எழுத்து கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், ஒழுங்காகச் செய்யப்பட்ட செயலியில் அந்தக் குறிக்கு உள்ளே ஒரு பெயர் இருக்கும். திரைவாசிப்பானை இயக்கி அந்தக் குறியைத் தொட்டால் கைப்பேசி அந்தப் பெயரைச் சொல்லும். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐஃபோனில் வாய்ஸ்ஓவர். டாக்பேக் இயங்கும்போது ஒரு முறை தொட்டால் பெயரை வாசிக்கும், இரு முறை தட்டினால்தான் அழுத்தும். இது தெரியாமல் இயக்கிவிட்டுக் கைப்பேசி கெட்டுவிட்டது என்று பதறுபவர்கள் உண்டு. எனவே அணைக்கும் வழியை முதலில் தெரிந்துகொண்டு இயக்குங்கள்.

குறிப்பில் பெயரையும் உருவத்தையும் சேர்த்தே எழுதுங்கள்: “‘Menu’ என்ற பொத்தானை அழுத்துங்கள், எழுத்துக்குப் பதில் மூன்று கோடுகளாகவும் தெரியலாம்.” பார்ப்பவருக்குக் கோடுகள் உதவும், கேட்பவருக்குப் பெயர் உதவும். உருவத்தை மட்டும் சொல்வதுதான் கூடாது. கணினியில் அகலமான திரையில் மூன்று கோடுகள் மறைந்து, அவற்றுக்குள் இருந்தவையெல்லாம் வெளியே வரிசையாக நிற்பதும் உண்டு. அதனால் ‘Menu’வைக் காணாதவர்களுக்காக, அதற்குள் தேட வேண்டியதன் பெயரையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால் நல்லது.

ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பாட்டிக்கு ‘Submit’ என்று சொல்லி என்ன பயன்? பச்சை என்றால்தான் அவருக்குப் புரியும்.

இது நியாயமான கேள்வி. பெயர் சொல்லும் முறை தடுக்கி விழும் இடமும் இதுதான்.

முதலில் பக்கத்தில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். மொழித் தேர்வு இருந்தால், தமிழுக்கு மாற்றுவதையே குறிப்பின் முதல் படியாக வையுங்கள். பிறகு வரும் எல்லாப் பெயர்களையும் தமிழ்ப் பக்கத்தில் இருப்பதுபோலவே எழுதுங்கள். நீங்களாக மொழிபெயர்த்து எழுதாதீர்கள். பக்கத்தில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று இருக்கும்போது குறிப்பில் ‘அனுப்புக’ என்று எழுதினால் அவர் தேடிக்கொண்டே இருப்பார்.

தமிழ் இல்லையென்றால், ஆங்கில எழுத்தை அப்படியே போட்டு, எப்படி வாசிப்பது என்பதையும் தமிழில் கொடுங்கள்: “‘Submit’ என்று எழுதிய பொத்தான், சப்மிட் என்று வாசிக்க வேண்டும், S என்ற எழுத்தில் தொடங்கும்.” முழுச் சொல்லை வாசிக்கத் தெரியாவிட்டாலும் புளோக் எண்ணுக்குப் பின்னால் வரும் A, B பார்த்துப் பழகியவர்களுக்கு எழுத்தின் வடிவத்தை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியும்.

நிறத்தையும் கூடச் சொல்லலாம். நிறமே சொல்லக் கூடாது என்று யாரும் விதிக்கவில்லை. நிறத்தை மட்டும் சொல்லிவிட்டு நிற்பதுதான் தவறு. “‘Submit’ பொத்தான், பல கைப்பேசிகளில் பச்சையாகத் தெரியும்” என்று எழுதினால், நிறம் தெரிபவருக்குக் கூடுதல் உதவி; தெரியாதவருக்கு இழப்பில்லை. ‘பல கைப்பேசிகளில்’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். பச்சை தெரியாதபோது தன் கண்ணில்தான் கோளாறு என்று அவர் நினைத்துவிடக் கூடாது.

கைப்பேசியே பக்கத்தை மொழிபெயர்த்துக் காட்டுவதும் உண்டு. குரோமில் அது இயங்கினால் ‘Submit’ தமிழாக மாறியிருக்கும், நீங்கள் சொன்ன ஆங்கிலப் பெயர் எங்கும் இருக்காது. யாராவது “அப்படி ஒரு பொத்தானே இல்லை” என்று சொன்னால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

தொலைபேசியில் உதவும்போது எப்படிப் பேசுவது? எழுதித் திருத்த நேரமில்லையே.

நீங்கள் சொல்வதைக் குறைத்து, அவரை வாசிக்க விடுங்கள். உங்கள் முன்னால் உள்ள திரையை மறந்துவிட்டு அவர் முன்னால் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். உரையாடல் இப்படிப் போகும்:

“ஆன்ட்டி, ஸ்பீக்கர்ல போட்டுட்டு ஃபோனைக் கையில வச்சிக்குங்க. இப்போ முதல்ல என்ன எழுதியிருக்கு?”

“மலாக்கா டே ட்ரிப்னு இருக்கு தம்பி. அப்புறம் தேதி.”

“சரி, அதுக்கப்புறம்?”

“காசு எவ்வளவுன்னு போட்டிருக்கு. அப்புறம் ஃபுல்லி… புக்டு.”

இங்கே நின்று கவனியுங்கள். மலாக்காவுக்கு இடம் நிரம்பிவிட்டது; அங்கே ‘Register’ பொத்தானே இல்லை. ‘பச்சைப் பொத்தானை அழுத்துங்க ஆன்ட்டி’ என்று சொல்லியிருந்தால், அவர் திரையை நகர்த்தி, முதலில் கண்ணில் படும் பச்சையை அழுத்தியிருப்பார். அது ஜொகூர் பாரு. பதிவு ஒழுங்காக முடிந்திருக்கும், கட்டணமும் கட்டியிருப்பார். தவறு தெரிய வருவது பேருந்து புறப்படும் நாளில்தான்.

ஸ்பீக்கரில் போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. கைப்பேசியைக் காதில் வைத்தால் திரை தானாக அணைந்துவிடும்; பார்த்துக்கொண்டே பேச முடியாது. அழைப்புத் திரை படிவத்தை மறைத்துக்கொண்டும் நிற்கும். படிவத்துக்குத் திரும்பிவிட்டாரா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு பிறகு தொடங்குங்கள்.

வாசிக்கச் சொல்லும்போது ஓர் எல்லை வேண்டும். ஒருமுறை கடவுச்சொல், சிங்பாஸ் மறைச்சொல், வங்கி விவரம் எதையும் உங்களிடம்கூட வாசிக்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். “எண் வந்தா எனக்குச் சொல்லாதீங்க, நீங்களே கட்டத்துல போடுங்க” என்றால் போதும்.

படிவத்தை நாங்களே உருவாக்குகிறோம். தவறான கட்டத்தைச் சிவப்பாக்கிக் காட்டுவது போதாதா?

போதாது. சிவப்பு பிரிந்து தெரியாதவருக்கு எல்லாக் கட்டங்களும் ஒன்றுபோலவே இருக்கும். ‘Submit’ அழுத்துவார், ஒன்றும் நடக்காது, மறுபடி அழுத்துவார். சிவப்பு தெரிபவருக்கும்கூட எங்கே தவறு என்று தெரியுமே தவிர, என்ன தவறு என்று தெரியாது.

சிங்கப்பூர்க் கைத்தொலைபேசி எண்ணுக்கு 8 இலக்கங்கள். 8 அல்லது 9 என்று தொடங்கும். ஒருவர் முன்னால் 65 சேர்த்து 10 இலக்கமாக எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கட்டத்துக்குச் சிவப்புக் கோடு போடுவதோடு விடாமல் அதையே எழுத்தில் சொல்லுங்கள்:

```html
<label for="tel">கைத்தொலைபேசி எண், கட்டாயம்</label>
<input id="tel" type="tel" aria-invalid="true"
       aria-describedby="tel-err">
<p id="tel-err">பிழை: 65 இல்லாமல் 8 இலக்கங்கள் மட்டும் எழுதுங்கள்</p>
```

`aria-describedby` இருப்பதால், திரைவாசிப்பானில் அந்தக் கட்டத்துக்கு வருபவருக்குப் பெயரோடு பிழைச் செய்தியும் வாசிக்கப்படும். சிவப்புக் கோட்டை எடுக்க வேண்டியதில்லை, அதுவும் இருக்கட்டும். ‘கட்டாயம்’ என்பதையும் நிறத்தால் காட்டாமல் சொல்லாகவே பெயரில் சேர்த்திருப்பதைப் பாருங்கள்.

திரையைப் படம் எடுத்து அம்புக்குறி போட்டு அனுப்பினால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடுமே?

படம் நல்ல துணை, அனுப்புங்கள். ஆனால் அது ஒரே ஒரு கைப்பேசியின் படம். இருள் பின்னணியில் எடுத்த படத்தை வெள்ளைப் பின்னணி வைத்திருப்பவர் பார்த்தால் வேறு பக்கத்துக்கு வந்துவிட்டோமோ என்று திகைப்பார். பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு உங்கள் அம்புக்குறி என்றால் என்னவென்றே தெரியாது. படத்தோடு அதே படியை எழுத்திலும் எழுதுங்கள். படத்தை நீக்கினாலும் எழுத்து தனியாக நிற்க வேண்டும். எடுக்கும்போது உங்கள் பெயர், எண் எதுவும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு விதி ஏதாவது உண்டா, அல்லது உங்கள் சொந்தக் கருத்தா?

விதி உண்டு. உலகளாவிய இணைய அமைப்பான டபிள்யூ3சி, எல்லாரும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களை அமைப்பதற்காக வெளியிட்ட டபிள்யூசிஏஜி நெறிமுறையில் 1.3.3 என்ற பிரிவு, வடிவம், நிறம், அளவு, திரையில் உள்ள இடம், திசை, ஒலி ஆகியவற்றை மட்டும் நம்பி வழிகாட்டக் கூடாது என்கிறது. நிறத்தால் மட்டும் தகவல் சொல்லக் கூடாது என்பது 1.4.1. இரண்டும் 2008இல் வந்த 2.0 பதிப்பிலிருந்தே இருக்கின்றன, அடிப்படை நிலையான ‘A’ நிலையில். பொத்தானின் உட்பெயரில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தும் இருக்க வேண்டும் என்ற 2.5.3 பிறகு 2018இல் 2.1 பதிப்பில் சேர்ந்தது.

சமூக மன்றத்தில் உள்ள இயந்திரத்துக்கும் இப்படித்தான் எழுத வேண்டுமா?

அங்கே திரை தெரிந்ததுதான், எல்லாரும் அதே இயந்திரத்தின் முன்தான் நிற்கிறார்கள். ‘அட்டை நுழைக்கும் இடம் வலப்பக்கம் இருக்கிறது’ என்பது எல்லாருக்கும் உண்மை. தாராளமாக எழுதலாம், பார்வையற்றவருக்குக்கூட அது பயன்படும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். இயந்திரத்தை மாற்றினால் குறிப்பையும் மாற்றுங்கள்.

அனுப்புவதற்கு முன் எப்படிச் சரிபார்ப்பது?

பக்கத்தைக் கணினியில் திறந்து, உலாவியின் அகலத்தை முடிந்தவரை குறுக்குங்கள், அல்லது 400 விழுக்காடு பெரிதாக்குங்கள். ஐஃபோன் இருந்தால் Settings, Accessibility, Display & Text Size, Color Filters என்று போய் ‘Grayscale’ஐ இயக்குங்கள்; திரை கறுப்பு வெள்ளையாகிவிடும். இந்த இரண்டு நிலையிலும் உங்கள் குறிப்பைப் பார்த்து ஒவ்வொரு படியாகச் செய்யுங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அந்த வரியில்தான் வேலை இருக்கிறது.

அதைவிட நல்ல சோதனை, பக்கத்தைப் பார்த்தே இராத ஒருவரிடம் குறிப்பைக் கொடுத்து, அவர் தன் கைப்பேசியில் செய்வதை வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்து கவனிப்பது. வேறு வகைக் கைப்பேசி வைத்திருப்பவராகப் பாருங்கள்.

கடைசியாக, குறிப்பில் நிறச் சொல்லும் திசைச் சொல்லும் தப்பி நிற்கின்றனவா என்று தேடுங்கள். முழுச் சொல்லைத் தேடினால் வேற்றுமை உருபு சேர்ந்தவை சிக்காமல் போகும்: ‘சிவப்பு’ என்று தேடினால் ‘சிவப்பில்’ கிடைக்காது. ‘சிவ’, ‘நீல’, ‘பச்சை’, ‘வல’, ‘ஓர’, ‘மூலை’ என்று தொடக்க எழுத்துகளை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். ‘இட’ என்று மட்டும் தேடினால் ‘இடம்’, ‘இடையில்’ எல்லாம் வந்து குவியும். அதை மட்டும் ‘இடது’, ‘இடப்’ என்று தனித்தனியாகத் தேடுவது நல்லது.